லைன் ஷாப்ட் எத்தனை டிகிரி முறுக்கும்? கணக்குப் போடுவது எப்படி

காரைக்குடியைத் தாண்டிப் புதுவயல் பக்கம் போனால் அரிசி மில்கள் வரிசையாக வரும். புது மில்களில் இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று ஆகிவிட்டது. ஆனால் செட்டிநாட்டு ஊர்களில் நெல்லும் மாவும் அரைத்துக் கொடுக்கும் சின்ன மில்களில் ஒரே மோட்டார், ஒரு நீளமான இரும்பு ஷாப்ட், அதில் வரிசையாகப் புல்லிகள் என்ற பழைய அமைப்பை இன்னும் பார்க்கலாம். அந்த ஷாப்டைத்தான் லைன் ஷாப்ட் என்கிறோம். மோட்டார் ஒரு முனையைத் திருப்ப, மறுமுனையில் இருக்கும் இயந்திரம் சுமையாக நின்று எதிர்க்க, நடுவில் உள்ள இரும்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். எத்தனை டிகிரி முறுக்கும் என்பதை ஷாப்டைக் கழற்றாமலேயே கணக்கில் சொல்லிவிடலாம். தேவைப்படுவது நான்கே அளவுகள்: ஷாப்டைத் திருப்பும் முறுக்கு விசையான டார்க், நீளம், ஆரம், முறுக்கலுக்கு இரும்பு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று காட்டும் விறைப்புக் குணகம்.

இந்தக் கட்டுரை திண்ம ஷாப்டுக்கு, அதாவது உள்ளே துளை இல்லாத உருண்டைக் கம்பிக்கு மட்டும். ஒரு மில்லை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை பார்ப்போம்.

மோட்டார் 10 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டார் புல்லி 5 அங்குலம், லைன் ஷாப்டில் உள்ள பெரிய புல்லி 24 அங்குலம். ஷாப்டின் விட்டம் 40 மி.மீ. பெரிய புல்லி இருக்கும் இடத்தை அ என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 1.8 மீட்டரில் நெல் அரைக்கும் ஹல்லரின் புல்லி, அது ஆ. அதைத் தாண்டி இன்னும் 2.2 மீட்டரில் மாவு மில்லின் புல்லி, அது இ. முழுச்சுமையில் ஹல்லர் 7 ஹெச்.பி.யும் மாவு மில் 3 ஹெச்.பி.யும் எடுக்கின்றன.

சூத்திரம் இதுதான்:

```
θ = T × L / (G × J)
J = π × r⁴ / 2
```

θ என்பது முறுக்குக் கோணம். விடை ரேடியனில் வரும், 57.3-ஆல் பெருக்கினால் டிகிரி. T டார்க், L நீளம், G விறைப்புக் குணகம், r ஆரம். J என்பது ஷாப்டின் குறுக்குவெட்டு முறுக்கலை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு. புத்தகங்களில் விட்டத்தை வைத்து π × d⁴ / 32 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே.

பட்டறையில் எல்லா அளவும் மி.மீ.யில்தான் எடுப்போம் என்பதால் கணக்கையும் நியூட்டன், மி.மீ. இரண்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. டார்க் நியூட்டன் மி.மீ.யில், நீளமும் ஆரமும் மி.மீ.யில், G ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில். பாதியை மீட்டரிலும் பாதியை மி.மீ.யிலும் போட்டால் விடை ஆயிரம் மடங்கு தப்பிப் போகும்.

முதலில் ஆரம்

நான்கு அளவுகளில் அதிகக் கவனம் கேட்பது ஆரம். சூத்திரத்தில் அது நான்காம் அடுக்கில் நிற்கிறது. நீளத்தை ஒரு சதவீதம் தப்பாக அளந்தால் விடை ஒரு சதவீதம் தப்பும். ஆரத்தை ஒரு சதவீதம் தப்பாக அளந்தால் நான்கு சதவீதம் தப்பும். அதனால் டேப்பையோ ஸ்டீல் ஸ்கேலையோ ஷாப்டின் மேல் வைத்துக் கண்ணால் படிக்கக் கூடாது. வெர்னியர் காலிப்பர் வேண்டும், மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

அளக்கும் இடத்தில் கிரீஸ், மாவுப்படிவு, துரு எல்லாவற்றையும் துணியும் எமரி தாளும் வைத்துத் துடைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். இதேபோல ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நான்கு இடங்களில் எடுக்க வேண்டும். கிடைப்பது விட்டம். அதைப் பாதியாக்கி உடனே தாளில் "ஆரம் = 20 மி.மீ." என்று எழுதிவைத்துவிடுங்கள். புதிதாகக் கணக்குப் போடுபவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை இங்கேதான்: r என்ற இடத்தில் 40 போட்டுவிடுவது. இரண்டின் நான்காம் அடுக்கு பதினாறு என்பதால் J பதினாறு மடங்கு பெருத்து, கோணம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். π × d⁴ / 32 என்ற சூத்திரத்தில் ஆரத்தைப் போட்டால் நேர்மாறாகப் பதினாறு மடங்கு கூடும்.

தேய்மானத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு 60 மி.மீ. நீளத்துக்கு மட்டும் ஷாப்ட் தேய்ந்து 37 மி.மீ. ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்தத் துண்டு முன்னைவிட 37 சதவீதம் அதிகம் முறுக்கும். ஆனால் 1.8 மீட்டரில் அது 60 மி.மீ.தான். மொத்தக் கோணத்தில் கூடுவது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் விடுமா என்பது தனிக் கவலை. அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் முறுக்குக் கோணத்துக்கு அது பெரிய விஷயமில்லை. அதற்குப் பதில், தேய்ந்த ஷாப்டைக் கழற்றி லேத்தில் மாட்டி முழு நீளத்துக்கும் 38 மி.மீ.க்குக் கடைந்து மாட்டினால் கோணம் 23 சதவீதம் கூடும். 36-க்குக் கடைந்தால் 52 சதவீதம். பார்வைக்கு ஷாப்ட் பளபளவென்று புதுசாக இருக்கும். முறுக்கலோ பாதிக்கு மேல் கூடியிருக்கும்.

நம் மில்லில் எல்லா இடத்திலும் 40 மி.மீ. கிடைத்தது என்று கொள்வோம். ஆரம் 20. இருபதின் நான்காம் அடுக்கு 1,60,000. அதை π-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் J = 2,51,327 மி.மீ.⁴.

அடுத்து டார்க்

சக்தி தெரியும், சுற்று வேகம் தெரிந்தால் டார்க் கிடைத்துவிடும். வேகம் என்பது லைன் ஷாப்டின் வேகம். மோட்டாரின் வேகம் இல்லை. மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள 1440-ஐப் போட்டால் டார்க் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வரும். புல்லிக் கணக்கில் 1440 × 5 / 24 = 300 ஆர்.பி.எம். பெல்ட் சற்று வழுக்குவதால் உண்மையில் இதைவிட ஒன்றிரண்டு சதவீதம் குறைவாக ஓடும். டாக்கோமீட்டர் இருந்தால் அளந்த எண்ணைப் போடுங்கள். இல்லையென்றால் 300 போதும்.

```
T (நியூட்டன் மீட்டர்) = 9550 × கிலோவாட் / ஆர்.பி.எம்.
```

10 ஹெச்.பி. என்பது 7.46 கிலோவாட். 9550 × 7.46 / 300 = 237.5 நியூட்டன் மீட்டர். மி.மீ.க்கு மாற்றினால் 2,37,500 நியூட்டன் மி.மீ. இதில் 9550 எங்கிருந்து வந்தது என்றால், நிமிடச் சுற்றை நொடிக்கு இத்தனை ரேடியன் என்று மாற்றும் வேலையும் கிலோவாட்டை வாட் ஆக்கும் வேலையும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அதை விட்டுவிட்டு 7460-ஐ நேராக 300-ஆல் வகுத்தால் 24.9 என்று வரும். ஒன்பதரை மடங்கு குறைவு.

இனி முக்கியமான இடம். இந்த 237.5 ஷாப்டின் முழு நீளத்துக்கும் பொருந்தாது. அ-வில் உள்ளே வரும் 10 ஹெச்.பி. முழுதும் ஆ வரைக்கும் ஷாப்ட் வழியாகப் போகிறது. ஆ-வில் ஹல்லர் 7 ஹெச்.பி.யை எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி இ-க்குப் போவது 3 ஹெச்.பி. மட்டும்தான். ஆகவே ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் டார்க் 9550 × 2.238 / 300 = 71.24 நியூட்டன் மீட்டர். புல்லிக்குப் புல்லி டார்க் மாறும் என்பதால் ஷாப்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் வழியாக எவ்வளவு போகிறது என்று முதலில் எழுதுங்கள். ஒரு கோடு போட்டுப் புல்லிகளைக் குறித்து, நடுவில் அந்த எண்களை எழுதினாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

மோட்டார் எப்போதும் முழுச்சுமையில் ஓடாது. ஹல்லரில் நெல் இல்லாதபோது டார்க் விழுந்துவிடும். ஆனால் கல்லோ ஆணியோ சிக்கி ஹல்லர் இறுகும்போது, நிற்பதற்கு முன்பு மோட்டார் தன் முழுச்சுமை டார்க்கைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் தரும். அதனால் முழுச்சுமைக்கு ஒரு கணக்கு, இரண்டு மடங்குக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் போட்டுப் பார்ப்பது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம்.

நீளம்

ஷாப்டின் மொத்த நீளம் இங்கே வேண்டாம். டார்க் உள்ளே வரும் புல்லியின் நடுவிலிருந்து வெளியே போகும் புல்லியின் நடுவரை உள்ள தூரம்தான் L. கடைசிப் புல்லிக்கு அப்பால் பேரிங்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனை சுற்றுமே தவிர முறுக்காது, ஏனென்றால் அதன் வழியாக எந்த டார்க்கும் போவதில்லை. நடுவில் பிளம்மர் பிளாக்குகள் எத்தனை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பேரிங் ஷாப்டைத் தாங்குகிறது, தொய்யாமல் பிடிக்கிறது, முறுக்கலைத் தடுப்பதில்லை. இன்னொரு பேரிங் போட்டால் முறுக்கல் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. குறையாது.

நம் மில்லில் அ–ஆ 1800 மி.மீ., ஆ–இ 2200 மி.மீ.

இரும்பின் விறைப்புக் குணகம்

எஃகுக்கு G-யை 80,000 என்று வைத்துக்கொள்ளலாம், சதுர மி.மீ.க்கு நியூட்டன் கணக்கில். சாதாரண மைல்டு ஸ்டீல், பிரைட் பார், இஎன் 8, இஎன் 24 எதுவானாலும் இது ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் மாறாது. துருப்பிடிக்காத எஃகு கொஞ்சம் குறைவு, 77,000 அளவில். அலுமினியம் ஏறக்குறைய 26,000, அதாவது எஃகில் மூன்றில் ஒரு பங்கு.

இதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. ஷாப்ட் அதிகம் முறுக்குகிறது என்று நினைத்து, அதே விட்டத்தில் விலை கூடிய இஎன் 24 வாங்கி, சூடேற்றிக் கடினமாக்கி மாட்டினாலும் கோணம் குறையாது. அந்த எஃகு உடைவதற்கு அதிகச் சுமை தாங்கும். வளைந்துகொடுப்பதில் மைல்டு ஸ்டீலைப் போலவேதான் நடந்துகொள்ளும். முறுக்கலைக் குறைக்க விட்டத்தைக் கூட்ட வேண்டும், நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது டார்க்கைக் குறைக்க வேண்டும். நான்காவது வழி கிடையாது.

கணக்கு

முதல் துண்டு, அ–ஆ:

```
θ = 237500 × 1800 / (80000 × 251327) = 0.02126 ரேடியன்
0.02126 × 57.3 = 1.22 டிகிரி
```

இரண்டாவது துண்டு, ஆ–இ:

```
θ = 71240 × 2200 / (80000 × 251327) = 0.00779 ரேடியன்
0.00779 × 57.3 = 0.45 டிகிரி
```

இரண்டு துண்டிலும் டார்க் ஒரே திசையில் போவதால் கூட்டிவிடலாம். அ-வைவிட இ பின்தங்குவது 1.67 டிகிரி. முழு 4 மீட்டருக்கும் 10 ஹெச்.பி. போகிறது என்று தப்பாக எடுத்திருந்தால் 2.71 டிகிரி வந்திருக்கும்.

விடை வந்ததும் எண்ணைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். 40 மி.மீ. ஷாப்ட், பத்து ஹெச்.பி., இரண்டு மீட்டருக்குள் என்றால் விடை ஒரு டிகிரியை ஒட்டி வர வேண்டும். 0.076 என்று வந்தால் ஆரத்துக்குப் பதில் விட்டம் போயிருக்கிறது. 19.5 என்று வந்தால் விட்டச் சூத்திரத்தில் ஆரம் போயிருக்கிறது. 0.0213-லேயே நின்றால் டிகிரிக்கு மாற்ற மறந்திருக்கிறீர்கள். அதை டிகிரி என்று எழுதிவிட்டால் ஷாப்ட் அசையவே இல்லை என்று தோன்றும். 0.0012 என்று வந்தால் டார்க்கை நியூட்டன் மீட்டரிலேயே விட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கோணம் அதிகமா, பரவாயில்லையா?

வடிவமைப்புப் பாடங்களில் லைன் ஷாப்டுகளுக்கு மீட்டருக்கு 2.5 முதல் 3 டிகிரிவரை அனுமதிக்கிறார்கள். லேத், மில்லிங் போன்ற இயந்திரங்களின் உள் ஷாப்டுகளுக்கு மீட்டருக்கு 0.25 டிகிரிதான். இருபது விட்ட நீளத்துக்கு ஒரு டிகிரி என்பது இன்னொரு வழக்கமான எல்லை, 40 மி.மீ. ஷாப்டுக்கு அது 0.8 மீட்டருக்கு ஒரு டிகிரி, அதாவது மீட்டருக்கு 1.25. நம் மில்லில் அ–ஆ துண்டில் வருவது மீட்டருக்கு 0.68. எல்லா லைன் ஷாப்ட் எல்லைக்கும் உள்ளேதான் இருக்கிறது. ஹல்லர் இறுகி டார்க் இரண்டு மடங்கானாலும் 1.36, இருபது விட்ட எல்லையைச் சற்றே தாண்டுகிறது, ஆனால் அது சில நொடி நேரத்துக்குத்தான்.

பெல்ட்டில் ஓடும் ஹல்லருக்கு ஒரு டிகிரி பின்தங்குவதால் ஒன்றும் ஆகிவிடாது. அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். தொல்லை வருவது இரண்டு முனைகளும் ஒத்து நடக்க வேண்டிய இடத்தில். அகலமான கன்வேயரில் ஒரே ஷாப்டின் இரு முனையிலும் செயின் வீல் இருக்கும். இரண்டு செயினும் ஒரே பலகையை இழுக்கும். மோட்டாரை ஒரு முனையில் மாட்டினால் மறுமுனை பின்தங்கும். 100 மி.மீ. ஆரமுள்ள செயின் வீலில் 2 டிகிரி என்பது மூன்றரை மி.மீ. பலகை அந்த அளவு கோணலாக ஓடி, ஓரத்தில் உரசித் தேயும். அங்கே ஷாப்டைப் பெரிதாக்குவதைவிட மோட்டார் இழுப்பை நடுவுக்கு மாற்றிவிடுவது நல்லது. இரு பாதியிலும் பாதி டார்க், பாதி நீளம். இரண்டும் ஒரே அளவு முறுக்குவதால் முனைகளுக்குள் வித்தியாசமே வராது.

லைன் ஷாப்டிலும் இடம் மாற்றுவதில் பலன் உண்டு. ஹல்லரை இ-யிலும் மாவு மில்லை ஆ-விலும் வைத்திருந்தால் இரண்டாவது துண்டில் 7 ஹெச்.பி. போயிருக்கும், மொத்தம் 1.67-க்குப் பதில் 2.26 டிகிரி ஆகியிருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கால்வாசிக்கு மேல் மிச்சம். அதிகம் இழுக்கும் இயந்திரத்தை மோட்டார் புல்லிக்கு அருகில் வைப்பது அதனால்தான்.

கோணம் சரியாக இருந்தாலும் ஷாப்ட் தாங்குமா என்பதை ஒரு வரியில் பார்த்துவிடுங்கள். மேற்பரப்பில் வரும் தகைவு T × r / J. அ–ஆ துண்டில் 237500 × 20 / 251327 = 18.9, சதுர மி.மீ.க்கு நியூட்டன். கீ-வே வெட்டிய சாதாரண எஃகு ஷாப்டுக்கு 42 வரை என்று எடுப்பது வழக்கம். இரண்டு மடங்கு டார்க்கிலும் 37.8. பெல்ட் இழுப்பால் வரும் வளைவை இதில் சேர்க்கவில்லை. புல்லி பேரிங்கிலிருந்து தள்ளி இருந்தால் அதையும் தனியே பார்க்க வேண்டும்.

கையால் சரிபார்ப்பது

கணக்கை நம்பாதவர்களுக்கும், ஷாப்ட் உள்ளே என்னவென்று தெரியாதவர்களுக்கும் நேரடிச் சோதனை இருக்கிறது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பெல்ட்டையும் கழற்றுங்கள். ஆ-வில் உள்ள புல்லியைச் சங்கிலி போட்டுத் தரையில் உள்ள ஏதாவது உறுதியான இடத்தோடு கட்டிவிடுங்கள். அ-வில் உள்ள புல்லியோடு ஒரு கனமான பட்டைக் கம்பியை இறுக்கி, ஷாப்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டரில் எடை தொங்கவிட ஒரு கொக்கி வையுங்கள். ஒரு மீட்டர் என்பது ஷாப்டின் மையத்திலிருந்து. புல்லியின் விளிம்பிலிருந்து இல்லை. கம்பி கிடைமட்டமாக நிற்க வேண்டும்.

அ, ஆ இரண்டு இடத்திலும் ஷாப்டின் மேல் ஒரு கிளாம்பில் மெல்லிய கம்பி ஒன்றை மேல்நோக்கி நிறுத்துங்கள், மையத்திலிருந்து 500 மி.மீ. உயரம். கம்பி நுனிக்குப் பின்னால் ஒரு ஸ்கேலைப் படுக்கைவாக்கில் தனி ஸ்டாண்டில் வையுங்கள். கம்பியை மேல்நோக்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எடை தொங்கும்போது ஷாப்ட் சற்றுக் கீழே தொய்யும். கம்பி பக்கவாட்டில் நீட்டியிருந்தால் அந்தத் தொய்வும் முறுக்கல்போல ஸ்கேலில் சேர்ந்துவிடும். மேல்நோக்கி இருந்தால் சேராது.

முதலில் 5 கிலோ தொங்கவிட்டு இரண்டு ஸ்கேலையும் படித்து எழுதுங்கள். இந்த 5 கிலோ, கீ-யிலும் சங்கிலியிலும் உள்ள தொளதொளப்பை இழுத்து இறுக்குவதற்கு. பிறகு மெதுவாக 25 கிலோ ஆக்கி மறுபடி படியுங்கள். வித்தியாசம் 20 கிலோ, ஒரு மீட்டரில், அதாவது 196 நியூட்டன் மீட்டர். பட்டைக் கம்பியின் சொந்த எடை இரண்டு தடவையும் இருப்பதால் கழிந்துபோகும். நம் ஷாப்டுக்கு 1.8 மீட்டரில் வர வேண்டிய கோணம் 0.01757 ரேடியன், ஒரு டிகிரியை ஒட்டி. 500 மி.மீ. உயரத்தில் அது 8.8 மி.மீ. நகர்வு.

அ-வில் உள்ள கம்பி 10.3 மி.மீ. நகர்ந்தது, ஆ-வில் உள்ளது 1.5 மி.மீ. நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆ-வைக் கட்டியிருக்கிறோமே, எப்படி நகரும் என்றால், சங்கிலி நீளும், புல்லி கீ-யில் சற்று அசையும். அதைக் கழிக்கத்தான் அங்கேயும் ஒரு கம்பி. 10.3-லிருந்து 1.5 போக 8.8. கணக்கு சரி. ஒரே ஒரு கம்பியை வைத்து அளந்தவருக்கு 10.3 வந்திருக்கும், சூத்திரம் தப்பு என்று சொல்லியிருப்பார்.

எடையைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் இரண்டு தடவை படித்துச் சராசரி எடுங்கள். பேரிங்கின் உராய்வு கூட்டும்போது ஒரு பக்கமும் குறைக்கும்போது மறுபக்கமும் இழுப்பதால் சராசரியில் பெரும்பாலும் அடங்கிவிடும். 10, 15, 20, 25 கிலோவுக்கு ஒவ்வொன்றாகப் படித்தால் நகர்வு சம அளவில் கூடிக்கொண்டே போக வேண்டும். திடீரென்று ஓரிடத்தில் தாவினால் கிளாம்போ கப்ளிங்கோ வழுக்குகிறது. எடையை எடுத்த பிறகும் கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலும் அதே சந்தேகம்தான். அளவுகள் சீராக இருந்தும் கணக்கைவிட நகர்வு மிக அதிகமென்றால் விட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள், ஷாப்டின் முனையில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். எஃகின் G அந்த அளவுக்கு மாறாது.

சூத்திரம் எங்கே நிற்காது

ஷாப்ட் முறுக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும்வரைதான் இந்தச் சூத்திரம் செல்லும். ஹல்லர் இறுகிய பிறகு ஷாப்ட் நிரந்தரமாக முறுக்கிப் போயிருந்தால் அதற்கு இதைப் போட முடியாது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: புது ஷாப்ட் மாட்டும்போதே நைலான் நூலை இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் நேர்கோடாக ஒரு பெயின்ட் கோடு போட்டுவைப்பது. பின்னால் எப்போதாவது சந்தேகம் வந்தால், மில் நின்றிருக்கும்போது அதே நூலை வைத்துப் பார்க்கலாம். கோடு நூலை விட்டு விலகியிருந்தால் எஃகு தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த ஷாப்டை மாற்றுங்கள்.

சதுரக் கம்பிக்கு இந்த J பொருந்தாது. நீளமான கீ-வே வெட்டிய இடத்தில் உண்மையான கோணம் கணக்கைவிடக் கொஞ்சம் கூடும். விட்டம் மாறி மாறி வரும் படி ஷாப்டாக இருந்தால் ஒவ்வொரு படிக்கும் தனி J போட்டு, தனித்தனிக் கோணம் கண்டு கூட்டுங்கள். விட்டங்களுக்குச் சராசரி எடுத்து ஒரே கணக்காகப் போடாதீர்கள். நான்காம் அடுக்கு என்பதால் மெல்லிய படிதான் பெரும்பங்கு முறுக்கும், சராசரி அதை மறைத்துவிடும்.

கோணத்திலிருந்து ஆரத்துக்கு

புது ஷாப்ட் வாங்கும்போது கேள்வி தலைகீழாக வரும்: இத்தனை டிகிரிக்குமேல் முறுக்கக் கூடாது, என்ன விட்டம் வேண்டும்?

```
r⁴ = 2 × T × L / (π × G × θ)
```

அ–ஆ துண்டில் முழுச்சுமைக்கு அரை டிகிரிதான் என்று வைப்போம். அரை டிகிரி 0.008727 ரேடியன். 2 × 237500 × 1800-ஐ, π × 80000 × 0.008727-ஆல் வகுத்தால் 3,89,800 வருகிறது. கால்குலேட்டரில் வர்க்கமூலத்தை இரண்டு தடவை அழுத்தினால் 24.99. ஆரம் 25 மி.மீ., விட்டம் 50 மி.மீ.

40 மி.மீ. கம்பி மீட்டருக்கு 9.9 கிலோ எடை, 50 மி.மீ. 15.4 கிலோ. எடை ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்ட, முறுக்கல் 1.22-லிருந்து 0.5-க்கு இறங்குகிறது. ஆனால் ஷாப்டோடு செலவு முடியாது. பிளம்மர் பிளாக், பேரிங், புல்லித் துளை, கீ எல்லாமே 50-க்கு மாற வேண்டும். புல்லியின் நடுக்கட்டை 50 மி.மீ. துளை போடும் அளவுக்குத் தடிமனாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கம்பிக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் புல்லியையும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டிவரும்.